மோர்க்குழம்பு திரையாமல் வைப்பது: சட்டித் தயிரில் படிப்படியாக

எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று மோர்க்குழம்பு பழகியவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். அரைப்பதிலோ தாளிப்பதிலோ அவர்களில் ஒருவரும் பிழை விடவில்லை. எல்லோரும் சறுக்கியது ஒரே இடத்தில், தயிரை ஊற்றிய பிறகு வரும் பத்து நிமிடத்தில். தாளிதத்துக்குக் கறிவேப்பிலை உருவ ஒரு நிமிடம் திரும்புவார்கள், அல்லது "இன்னும் கொதிக்கவில்லையே" என்று நெருப்பைக் கூட்டுவார்கள். பார்த்தால் சட்டியில் மேலே மஞ்சள் தண்ணீர், கீழே ரவை.

அதனால் இந்த வழிகாட்டியில் வேலைகளின் வரிசை வழக்கத்தைவிடக் கொஞ்சம் மாறி இருக்கும். கொதிக்க வேண்டியதெல்லாம் தயிர் வருவதற்கு முன்பே கொதித்து முடிந்துவிட வேண்டும். தயிர் சட்டிக்குள் போன பிறகு அதைச் சூடாக்குவது மட்டும்தான் வேலை. அந்த நேரத்தில் உங்கள் கைக்கு வேறு எந்த வேலையும் மிச்சம் இருக்கக்கூடாது.

அளவுகள் நாலு பேருக்கு, நீற்றுப்பூசணிக்காய் போட்ட குழம்புக்கு. தயிர் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மண்சட்டியில் வரும் எருமைத் தயிர். பசுத் தயிரில் செய்பவர்களுக்கு எங்கே மாற்ற வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தயிரை நாவில் வைத்துப் பார்ப்பது

படுவான்கரைப் பக்கமிருந்து காலையில் வந்த புதுத் தயிர் சீனி போட்டுத் தின்ன நல்லது. குழம்புக்கு அது சப்பென்று இருக்கும். ஒரு நாள் பழகிய, நுனிநாக்கில் மெல்லப் புளிக்கிற தயிர்தான் சரி. பல் கூசுகிற அளவுக்குப் புளித்திருந்தால் திரையும் வாய்ப்பும் கூடும்.

காரணம் இதுதான். பாலில் இருக்கும் புரதம், புளிப்பு ஏறும்போது ஒன்றோடொன்று ஒட்டி வலைபோலப் பின்னித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதைத்தான் நாம் தயிர் என்கிறோம். சூடு பட்டால் அந்த வலை சுருங்கும். சுருங்கச் சுருங்கப் பிடித்த தண்ணீரை வெளியே விடும். புளிப்பு எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்குச் சுருங்குவதும் விரைவாக நடக்கும்.

எருமைத் தயிரில் கொழுப்பு அதிகம் என்பதால் அது கொஞ்சம் பொறுத்துப் போகும். பசுத் தயிர், அதிலும் கடையில் விற்கும் கொழுப்புக் குறைத்த கப் தயிர், அவ்வளவு பொறுக்காது. அப்படிப்பட்ட தயிரோ அல்லது கூடப் புளித்த தயிரோதான் கையில் இருக்கிறது என்றால், மூன்றாம் படியில் சொல்லும் அரிசி மாவை மறக்க வேண்டாம்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

சமைக்க ஒரு மணித்தியாலத்துக்கு முன் இரண்டு வேலை. ஒன்றரை மேசைக்கரண்டி பச்சையரிசியையும் ஒரு மேசைக்கரண்டி கடலைப்பருப்பையும் ஒன்றாக ஊறப்போடுங்கள். தயிர் பிரிட்ஜில் இருந்தால் வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த தயிரைச் சூடான சட்டியில் ஊற்றினால், அடியில் படுகிற தயிர் வெந்து சுருங்கும் நேரத்தில் மேலே கிடப்பது இன்னும் குளிராகவே இருக்கும்.

தயிர் அரை லீற்றர் வேண்டும். கால் கிலோ நீற்றுப்பூசணிக்காயைத் தோல் சீவி, பெருவிரல் நுனி அளவுத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். அரைப்பதற்கு ஐந்து மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, நாலு பச்சை மிளகாய், ஒரு சிறு துண்டு இஞ்சி, ஒரு தேக்கரண்டி சின்னச்சீரகம். தாளிக்க ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், அரைத் தேக்கரண்டி கடுகு, கால் தேக்கரண்டி வெந்தயம், இரண்டு செத்தல் மிளகாய், ஐந்தாறு சின்ன வெங்காயம், ஒரு நெட்டு கறிவேப்பிலை. மஞ்சள்தூளும் உப்பும் எப்போதும்போல.

பாத்திரம் அடி தடிப்பானதாக இருக்கட்டும். மண்சட்டி மிக நல்லது, ஆனால் அதற்கு ஒரு குணம் இருக்கிறது, எட்டாம் படியில் வரும். மெல்லிய அலுமினியப் பாத்திரம் வேண்டாம். நெருப்பு படுகிற இடம் மட்டும் சட்டென்று கொதித்துவிடும், புளிப்புப் பட்டால் உலோகச் சுவையும் இறங்கும்.

3. தயிரை மோராக்குவது

தயிரை அகலமான பாத்திரத்தில் போட்டு, ஒரு கோப்பை, அதாவது ஏறக்குறைய 250 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டுப் பிறகு கடையுங்கள். தோண்டிய சட்டியில் தண்ணீர் விட்டு நிற்கும் அல்லவா, அதைக் கொட்ட வேண்டாம். அதையும் இந்த ஒரு கோப்பைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பசுத் தயிர் இவ்வளவு கெட்டியாக இருக்காது, அதற்கு அரைக் கோப்பை போதும்.

மத்தோ, முள்ளுக்கரண்டியோ எதுவானாலும் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக் கடைந்தால் போதும். எருமைத் தயிரின் மேல் ஆடை தடிப்பாக இருக்கும். அது துணுக்குத் துணுக்காக நின்றால், குழம்பு திரையாமலே திரைந்ததுபோலத் தெரியும். அதற்காகப் பிளெண்டரில் போட்டு நெடுநேரம் ஓடவிடாதீர்கள். கொழுப்புக் கூடிய தயிர், அதுவும் குளிராக இருந்தால், வெண்ணெய் திரண்டு குழம்பில் எண்ணெயாக மிதக்கும். ஆடை கரையவே மாட்டேன் என்றால் ஒரு கம்பி வடியில் ஊற்றி, கரண்டியால் அழுத்தி விடுங்கள்.

தயிர் கூடப் புளித்திருந்தாலோ கொழுப்புக் குறைந்ததாக இருந்தாலோ, ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து இந்த மோரிலேயே கலந்துவிடுங்கள். சூடேறும்போது மா ஊதிக் குழைந்து புரதத் துணுக்குகளுக்கு இடையில் நிற்கும், அவை ஒன்றாகச் சேர்ந்து திரள விடாது. உப்பை இப்போது போட வேண்டாம். தயிரில் உப்புப் போட்டு வைத்தால் தண்ணீர் விடுவதைச் சம்பலிலேயே பார்த்திருப்பீர்கள்.

4. தாளிதத்தை இப்போதே முடிப்பது

எல்லோரும் கடைசியில் செய்வதை நான் இங்கே கொண்டு வந்திருக்கிறேன். குழம்பு அடுப்பில் இருக்கும்போது பக்கத்து அடுப்பில் தாளிக்கப் போனவர்கள்தான் அதிகம் தோற்றவர்கள். கடுகு வெடிக்கும்வரை ஒரு கண், வெந்தயம் கருகாமல் ஒரு கண் என்று நின்றால், துழாவும் கை தானாகவே ஓய்ந்துவிடும்.

தாச்சியில் எண்ணெயைக் காய வைத்துக் கடுகைப் போடுங்கள். வெடித்ததும் வெந்தயம், செத்தல், வெங்காயம். வெங்காயம் ஓரம் சிவந்ததும் கறிவேப்பிலையைப் போட்டு இறக்கி வையுங்கள். அது ஆறினாலும் குழம்புக்குக் குறை இல்லை. புகைகிற எண்ணெயைத் தயிர்க் குழம்பில் ஊற்றினால் விழுந்த இடம் வெந்து திப்பியாகும், ஆறிய தாளிதத்தில் அந்தத் தொல்லையும் இல்லை.

5. காயும் அரைப்பும் கொதித்து முடிய

ஊறிய அரிசி, பருப்போடு தேங்காய்ப்பூ, மிளகாய், இஞ்சி, சீரகம் எல்லாவற்றையும் சேர்த்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து நைசாக அரையுங்கள். விரலுக்கிடையில் தேய்த்தால் நறநறப்பு இருக்கக்கூடாது. அரைப்புக் கரகரப்பாக இருந்தால், பிறகு திரைந்ததா இல்லையா என்று உங்களுக்கே அடையாளம் தெரியாமல் போகும்.

பூசணித் துண்டுகளை ஒரு கோப்பைத் தண்ணீர், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், அரைத் தேக்கரண்டி உப்போடு வேக விடுங்கள். கரண்டியால் அழுத்தினால் பிளக்க வேண்டும், ஆனால் கரையக்கூடாது. இந்தக் காய் தயிர் சேர்ந்த பிறகு வேகாது. புளிப்பில் காய் இளகுவது மிகவும் மெதுவாகத்தான் நடக்கும், அதற்காகக் காத்திருந்தால் குழம்பு கெடும். வெண்டிக்காய் போடுவதென்றால் எண்ணெயில் வதக்கி வழவழப்பை எடுத்துவிட்டு வையுங்கள். தக்காளியும் புளியும் இந்தச் சட்டிக்கு வேண்டாம். இருக்கிற புளிப்பே போதும்.

காய் வெந்ததும் அரைப்பைப் போட்டு, கிரைண்டர் கழுவிய அரைக் கோப்பைத் தண்ணீரையும் ஊற்றி, நடுத்தர நெருப்பில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். துழாவிக்கொண்டே இருங்கள், அரிசி அடிப்பிடிக்கும். பச்சை வாசம் போய், கஞ்சிபோலக் கெட்டியாகி, குமிழ் "பொளக்" என்று வெடிக்கும்வரை விட வேண்டும்.

சில வீடுகளில் அரைப்பைத் தயிரோடு கலந்து ஒன்றாகவே ஏற்றுவார்கள். அதுவும் திரையாமல் வரும். ஆனால் தயிரைக் கொதிக்க விட முடியாது, கொதிக்காமல் அரிசியும் பருப்பும் வேகாது. அப்படி வைத்த குழம்பில் எனக்கு எப்போதும் மாவு வாசம் அடிக்கும். பக்கத்து வளவுக்கு மருமகளாக வந்த பிள்ளை என்னிடம் கேட்டதும் இதைத்தான். "குழம்பு கொதிக்காட்டி மறுகா எப்பிடி மாமி பச்சை வாசம் போற?" "அரைப்பு கொதிச்சா போதும் மனே, தயிருக்கு என்ன பச்சை வாசம்? நாம அதைப் பச்சையாத்தானே தின்னுறம்" என்றேன். அவள் சிரித்தாள். அன்றைக்கு நெருப்பைக் கூட்டவும் இல்லை.

6. ஆற விட்டு, தயிருக்குச் சூடு பழக்குவது

அரைப்பு வெந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே இருக்கட்டும், மண்சட்டி என்றால் பத்து நிமிடம். குமிழ் முற்றாக அடங்கி, மேலே ஆவி மட்டும் வர வேண்டும்.

பிறகு தயிரைச் சட்டியில் ஊற்றாமல், சட்டியிலிருந்து ஒரு அகப்பை எடுத்துத் தயிரில் ஊற்றுங்கள், மற்றக் கையால் துழாவிக்கொண்டு. அது கலந்ததும் இன்னொரு அகப்பை, பிறகு இன்னொன்று. மூன்று அகப்பை போனபின் தயிர்ப் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். கூடவே வெந்த அரிசிக் கஞ்சியும் தயிருக்குள் போய்விட்டது. இனி அந்தத் தயிரை மெல்லிய தாரையாகச் சட்டியில் ஊற்றிக் கலக்கலாம். இது வரைக்கும் அடுப்பு எரியக்கூடாது.

அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள்தான் பெரும்பாலும் "தயிர் சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள்.

7. மெல்லிய நெருப்பும் நிற்காத கையும்

இப்போது அடுப்பை மூட்டுங்கள். காஸ் அடுப்பு என்றால் சின்ன வளையத்தில் ஆகக் குறைந்த நெருப்பு. அதுவும் கூட என்று தோன்றினால் சட்டிக்கு அடியில் ஒரு தோசைக்கல்லை வையுங்கள், சூடு பரவி வரும். விறகடுப்பு என்றால் கொள்ளியை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் மட்டும் வையுங்கள். சுவாலை சட்டியைத் தொடக்கூடாது.

துழாவும் விதம் முக்கியம். மேலாகக் கரண்டியைச் சுற்றினால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் சூடு அடியில். அகப்பையின் வாய் சட்டியின் அடியைத் தடவிக்கொண்டு போக வேண்டும். ஓரத்தைச் சுற்றி இரண்டு வட்டம், நடுவால் குறுக்கே ஒரு கோடு, திரும்ப ஓரம். ஓரமும் அடியும் சேர்கிற மூலையில்தான் தயிர் தங்கி முதலில் வேகும். ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று சொல்லுவார்கள். எந்தப் பக்கம் சுற்றினாலும் எனக்கு ஒரே மாதிரித்தான் வந்திருக்கிறது. ஒரு பக்கமாகச் சுற்றினால் காய் உடையாது, அவ்வளவுதான்.

வேகமும் தேவையில்லை. அடியில் எந்த இடமும் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் தொடப்படாமல் கிடக்கக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு தட்டினால், தொலைபேசி அடித்தால், முதலில் அடுப்பை அணையுங்கள், பிறகு போங்கள்.

முதல் மூன்று நாலு நிமிடத்தில் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். நெருப்பைக் கூட்ட மனம் வருவது இங்கேதான். விட்டுவிடுங்கள். பிறகு ஆவி தொடங்கும். குழம்பு கொஞ்சம் இறுகி, அகப்பையில் கை உணரும். அதன்பின் ஓரத்தைச் சுற்றி வெள்ளை நுரை ஒரு நூல்போலக் கட்டும். மொத்தமாக ஆறிலிருந்து எட்டு நிமிடம் ஆகலாம்.

8. இறக்கும் நேரம்

ஓரத்து நுரை நடுவை நோக்கி நகரத் தொடங்கியதும் இறக்குங்கள். நடுவில் ஒரு குமிழ் வந்துவிட்டால் ஏற்கெனவே பிந்திவிட்டது. சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 75 முதல் 80 பாகை செல்சியஸ்.

அகப்பையைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். பால் கலரில் மெழுகியதுபோல மூடியிருக்க வேண்டும். விரலால் கோடு போட்டால் கோடு நிற்க வேண்டும். கோட்டின் ஓரத்தில் மஞ்சள் தண்ணீர் வடிந்தால், அல்லது சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால், திரையத் தொடங்கிவிட்டது.

மண்சட்டியின் குணம் என்று சொன்னேனே. அடுப்பிலிருந்து இறக்கினாலும் அது சூட்டை விடாது, உள்ளே வைத்துக்கொண்டு இன்னும் சில நிமிடம் குழம்பைக் காய்ச்சும். ஒருமுறை நான் நுரை கட்டிய நேரத்தில் சரியாக நெருப்பை அணைத்துவிட்டு, சட்டியை அடுப்பின் மேலேயே மூடி வைத்துவிட்டு, இலை வெட்ட வளவுக்குப் போனேன். வந்து மூடியைத் திறந்தால் ஓரம் முழுதும் திப்பி திப்பியாக நிற்கிறது. விருந்தாளிகள் வாசலில். அதிலிருந்து மண்சட்டியில் வைத்தால், நுரை நூல் ஓரத்தில் பாதி வட்டம் வந்த உடனேயே இறக்கிவிடுவேன். இறக்கிச் சட்டியைத் திருகணியில் வைத்து, இன்னும் மூன்று நிமிடம் துழாவுவேன். மூடவும் மாட்டேன். மூடினால் சூடும் தங்கும், மூடியில் வேர்த்த தண்ணீரும் குழம்பில் சொட்டும்.

9. உப்பும் தாளிதமும்

இறக்கித் துழாவி முடிந்த பிறகு உப்பைப் பாருங்கள். காயில் அரைத் தேக்கரண்டி போட்டிருக்கிறோம், இன்னும் அரைத் தேக்கரண்டிக்குக் கிட்ட எடுக்கும். எடுத்து வைத்த தாளிதத்தை மேலே கொட்டி ஒரு தடவை கலக்கி விடுங்கள். புளிப்புக் கூடியதாகத் தெரிந்தால், கால் கோப்பை முதற்பாலை இந்த நேரத்தில் சேர்க்கலாம். திரும்ப அடுப்பில் ஏற்ற வேண்டாம், தேங்காய்ப்பாலும் கொதித்தால் பிரியும்.

10. திரைந்துவிட்டால்

எந்தக் கட்டத்தில் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓரத்தில் மஞ்சள் தண்ணீர் வளையம் மட்டும் தெரிந்தால் இன்னும் காப்பாற்றலாம். உடனே இறக்கி, அகலமான பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் நிரப்பி அதற்குள் குழம்புப் பாத்திரத்தை வைத்துத் துழாவுங்கள். சூடு இறங்க இறங்கத் தண்ணீர் திரும்பக் கலந்துவிடும். மண்சட்டியைத் தண்ணீரில் வைக்காதீர்கள், வெடிக்கும். குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டு செய்யுங்கள்.

ரவைபோலத் திரண்டு விட்டதென்றால் பழைய நிலைக்குத் திரும்பாது. சுருங்கிய புரதம் சுருங்கியதுதான். ஆனாலும் சோற்றுக்கு ஊற்றும் அளவுக்குக் கொண்டு வரலாம். காய்த் துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு, குழம்பை நன்றாக ஆற விடுங்கள். ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கால் கோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தனியாகக் கஞ்சி காய்ச்சி, ஆறிய குழம்போடு சேர்த்துப் பிளெண்டரில் அரை நிமிடம் அடியுங்கள். திப்பி பொடியாகிக் கஞ்சியில் மிதந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குக் கொஞ்சம் மாவுபோலத் தெரியும். சூடாக அடிக்க வேண்டாம், ஆவி மூடியைத் தள்ளிவிடும்.

திரைந்த குழம்பில் இன்னும் தயிர் ஊற்றிச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தயிரும் வீண்.

11. மிஞ்சினால்

பிரிட்ஜில் வைத்த குழம்பு மறுநாள் இறுகி, மேலே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அது திரைந்தது இல்லை, கலக்கினால் சேர்ந்துவிடும். நேராக அடுப்பில் வைத்துச் சூடாக்காதீர்கள். வேண்டிய அளவை மட்டும் ஒரு கிண்ணத்தில் எடுத்து, கொதித்து இறக்கிய வெந்நீருக்குள் கிண்ணத்தை வைத்து, இடைக்கிடை துழாவினால் பத்து நிமிடத்தில் இளஞ்சூடாகும். மதியச் சோறு சுடச்சுட இருந்தால் அதுவும் தேவையில்லை, குளிர் போக அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டு அப்படியே ஊற்றிக்கொள்ளலாம்.